அப்பா இறந்த பிறகு வண்டி இன்சூரன்ஸை மகன் பெயருக்கு மாற்றக் கடிதம் எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

அப்பாவின் கார் பாலிசியை என் பெயருக்கு மாற்றிய பிறகு, தெரிந்தவர்கள் ஏழெட்டுப் பேருக்கு இதே கடிதத்தை எழுதிக் கொடுத்திருக்கிறேன். கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கினார்கள். முதலில் ஆர்.சி. புத்தகத்தை மாற்றுவோம், அது கைக்கு வந்ததும் இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போவோம் என்று காத்திருந்தார்கள். வாரிசுச் சான்றிதழுக்கு இரண்டு மாதம், ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒரு மாதம் என்று ஓடிவிட்டது. கடைசியில் கிளைக்குப் போனபோது, "கெடு முடிஞ்சிருச்சே தம்பி" என்றார்கள்.

ஒரு கடிதம் போதாது, இரண்டு வேண்டும். முதல் கடிதம் ஆர்.சி. மாறுவதற்கு முன்பே போக வேண்டும். இரண்டாவது, ஆர்.சி. மாறிய பிறகு. தமிழ்நாட்டில் ஓடும் தனியார் கார், பைக்கை மனதில் வைத்து எழுதுகிறேன். டாக்சி, லாரிக்கு பெர்மிட் மாற்றம் என்று தனி வேலை இருக்கிறது, அது இங்கே இல்லை.

## 1. கடிதத்துக்கு முன் பாலிசியைப் படியுங்கள்

அப்பாவின் பீரோவில் இருக்கும் பாலிசியை எடுத்து மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, அது எந்த வகைப் பாலிசி என்பது. தேர்ட் பார்ட்டி மட்டுமா, சொந்தச் சேதமும் சேர்ந்ததா? அடுத்தவருக்கு நாம் ஏற்படுத்தும் காயத்துக்கும் சேதத்துக்கும் பொறுப்பேற்பது தேர்ட் பார்ட்டி. நம் வண்டி நொறுங்கினாலோ திருடு போனாலோ பணம் தருவது சொந்தச் சேதப் பகுதி. வண்டியின் உரிமையாளர் மாறும்போது தேர்ட் பார்ட்டி காப்பு சட்டப்படி தானாகவே கூடப் போகும், சொந்தச் சேதக் காப்பு அப்படிப் போகாது. வண்டி விற்பனை பற்றிய காம்ப்ளீட் இன்சுலேஷன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. இந்தக் கடிதமே பெரும்பாலும் சொந்தச் சேதக் காப்பைக் காப்பாற்றத்தான்.

இரண்டாவது, பாலிசி ஒன்றா, இரண்டா என்பது. 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய புதுக் காருக்கு மூன்று வருடம், பைக்குக்கு ஐந்து வருடம் சேர்த்துத் தேர்ட் பார்ட்டி போட்டிருப்பார்கள். சொந்தச் சேதப் பாலிசி வருடா வருடம் தனியாகப் புதுப்பிக்கப்பட்டிருக்கும், சில சமயம் வேறு கம்பெனியில். அப்படியானால் இரண்டு கம்பெனிக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். ஒன்றுக்கு எழுதிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, பாலிசியின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பொது நிபந்தனைகள். அதில் பாலிசிதாரரின் மரணம் பற்றி ஒரு பத்தி வரும். பெரும்பாலான கம்பெனிகளின் கார், பைக் பாலிசிகளில் அதன் சாரம் இதுதான்: பாலிசிதாரர் இறந்ததும் பாலிசி உடனே செத்துப்போகாது. இறந்த நாளிலிருந்து மூன்று மாதம் வரை, அல்லது பாலிசி முடியும் நாள் வரை, எது முதலில் வருகிறதோ அதுவரை உயிரோடு இருக்கும். அதற்குள் வண்டியை வைத்துப் பயன்படுத்தும் வாரிசு, தன் பெயருக்கு மாற்றும்படியோ புதுப் பாலிசி கேட்டோ விண்ணப்பிக்க வேண்டும். கூடவே இறப்புச் சான்றிதழ், வண்டி தனக்கு வந்ததற்கான ஆதாரம், அசல் பாலிசி மூன்றும் இருக்க வேண்டும்.

உங்கள் பாலிசியில் அந்த நிபந்தனைக்கு என்ன எண் போட்டிருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் அந்த எண்ணை எழுதப் போகிறோம்.

## 2. கெடுவை நாட்காட்டியில் குறியுங்கள்

அப்பா பிப்ரவரி 10 அன்று இறந்தார், பாலிசி ஜூன் 28 வரை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதம் மே 10-இல் முடிகிறது. ஜூன் 28 அதற்குப் பிறகுதான் வருகிறது. ஆகவே உங்கள் கெடு மே 10. அதே பாலிசி ஏப்ரல் 3-இல் முடிவதாக இருந்தால் கெடு ஏப்ரல் 3.

கணக்கு இறந்த தேதியிலிருந்துதான் ஓடும். இறப்புச் சான்றிதழ் கையில் கிடைத்த நாளிலிருந்து எண்ணி ஏமாந்தவர்கள் உண்டு.

ஆர்.டி.ஓ. பக்கம் வேறு இரண்டு கெடு இருக்கின்றன. மத்திய மோட்டார் வாகன விதி 56-இன்படி, இறந்த 30 நாளுக்குள் அப்பா இறந்ததையும் வண்டியை நீங்கள் ஓட்டப் போவதையும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்தால், மூன்று மாதம் வரை வண்டி உங்களுக்கு மாறியதுபோலவே பயன்படுத்தலாம். பெயர் மாற்ற விண்ணப்பத்தை அந்த மூன்று மாதத்துக்குள் போட வேண்டும். நம் உதாரணத்தில் மார்ச் 12-க்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல், மே 10-க்குள் விண்ணப்பம்.

"14 நாளுக்குள் சொல்லியிருக்கணும், இப்ப முடியாது" என்று யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம். வண்டியை விற்கும்போது வாங்கியவருக்கு வைத்த கெடு அது. மரணத்துக்கென்று பாலிசியிலேயே தனி நிபந்தனை இருக்கிறது. அதைத் திறந்து காட்டுங்கள்.

## 3. காகிதங்களைச் சேர்க்கும் வரிசை

இறப்புச் சான்றிதழை முதலில் வாங்குங்கள், மற்ற எல்லாமே அதன் பின்னால்தான். கையோடு ஏழெட்டு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாரிசுச் சான்றிதழுக்கு அன்றைக்கே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். தாசில்தார் அலுவலகத்திலிருந்து வர நாளாகும். விண்ணப்பித்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள், முதல் கடிதத்தோடு இணைக்கப் போவது அதைத்தான்.

அடுத்தது மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லாக் கடிதம். அப்பாவின் கார் உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. அம்மா, கல்யாணமாகிப் போன அக்கா தங்கை, அண்ணன் தம்பி எல்லோருக்கும் பங்கு உண்டு. இந்துக் குடும்பமாக இருந்து அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்தால் அவரும் வாரிசுதான். பாட்டியை விட்டுவிட்டுக் கடிதம் வாங்கி, வாரிசுச் சான்றிதழில் அவர் பெயர் வந்ததும் மறுபடி நோட்டரியிடம் ஓடியவர்கள் இருக்கிறார்கள். அக்கா வெளியூரில் இருந்தால் காரியத்துக்கு வந்திருக்கும்போதே கையெழுத்து வாங்கிவிடுங்கள். அந்த நேரத்தில் கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் பிறகு அந்த ஒரு கையெழுத்துக்காகவே ஒரு மாதம் போய்விடும். "இந்த வண்டியைத் தம்பி பெயருக்கு மாற்றவும், அதன் இன்சூரன்ஸை மாற்றவும் எனக்கு ஆட்சேபணை இல்லை" என்று இரண்டையும் ஒரே தாளில் எழுதி வாங்குங்கள். ஆர்.டி.ஓ.வுக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று என்று இரண்டு அசல் வேண்டும்.

அப்புறம் பெயர். நம் ஊரில் பலரது ஃபைல் நிற்பது இந்த இடத்தில்தான். பாலிசியில் "எஸ். முருகேசன்" என்று இருக்கும். ஆர்.சி.யில் "முருகேசன் எஸ்". ஆதாரில் "முருகேசன் சண்முகம்". இறப்புச் சான்றிதழில் வெறும் "முருகேசன்", கீழே தகப்பனார் பெயர் "சண்முகம்". நமக்கு நாலும் ஒரே ஆள். வேறு மாநிலத்தில் உட்கார்ந்து ஸ்கேன் பார்க்கும் ஊழியருக்கு நாலு ஆள். எல்லாக் காகிதத்தையும் மேஜையில் வரிசையாகப் பரப்பி, பெயர் எப்படி இருக்கிறது என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால், இவை எல்லாம் ஒரே நபரைக் குறிப்பவை என்று நோட்டரி முன்னிலையில் ஒரு பிரமாணப் பத்திரம் போட்டு முதல் கடிதத்தோடு சேர்த்துவிடுங்கள். அவர்கள் கேட்கட்டும் என்று இருந்தால், கேட்கவே மூன்று வாரம் ஆகும்.

கடனில் வாங்கிய வண்டி என்றால் பாங்கின் சம்மதம் வேண்டும். கடன் முடிந்திருந்தும் ஆர்.சி.யில் பாங்க் பெயர் நீக்கப்படாமல் இருந்தால், பாங்கிடம் தடையின்மைச் சான்றும் படிவம் 35-ம் இப்போதே கேட்டு வாங்குங்கள்.

## 4. முதல் கடிதம்: தகவலும் விண்ணப்பமும் ஒன்றாக

"அப்பா இறந்துவிட்டார், தகவலுக்காகத் தெரிவிக்கிறேன்" என்று மட்டும் எழுதினால் அது விண்ணப்பம் ஆகாது. நிபந்தனை கேட்பது விண்ணப்பம். ஆகவே "மாற்றித் தருமாறு விண்ணப்பிக்கிறேன்" என்ற வார்த்தை முதல் கடிதத்திலேயே இருக்க வேண்டும்.

நான் எழுதிக் கொடுக்கும் கடிதம் இப்படி இருக்கும். தேதிகள் மேலே சொன்ன உதாரணத்தின்படி.

> அனுப்புநர்: (உங்கள் முழுப் பெயர், தகப்பனார் பெயர், முகவரி, கைபேசி எண், மின்னஞ்சல்)
>
> பெறுநர்: கிளை மேலாளர், (பாலிசியில் உள்ளபடி கம்பெனியின் பெயர், கிளை முகவரி)
>
> நாள்: பிப்ரவரி 26
>
> ஐயா / அம்மா,
>
> பொருள்: பாலிசிதாரர் மரணம். மோட்டார் பாலிசியை வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பம்.
>
> பார்வை: பாலிசி எண் ______. காப்புக் காலம் ______ முதல் ஜூன் 28 வரை. வாகனப் பதிவு எண் ______. எஞ்சின் எண் ______. சேசிஸ் எண் ______.
>
> மேற்கண்ட பாலிசியின் பாலிசிதாரரும் வாகனத்தின் பதிவு பெற்ற உரிமையாளருமான என் தந்தை (பாலிசியில் உள்ளபடி பெயர்) பிப்ரவரி 10 அன்று காலமானார். அன்று முதல் வாகனம் என் பொறுப்பிலும் பயன்பாட்டிலும் உள்ளது. நான் அவருடைய மகன்.
>
> பாலிசியின் பொது நிபந்தனை எண் ___-இன்படி, இந்தப் பாலிசியை அதன் சொந்தச் சேதப் பகுதியும் சேர்த்து என் பெயருக்கு மாற்றித் தருமாறு விண்ணப்பிக்கிறேன்.
>
> பாலிசியில் உள்ள நோ கிளெய்ம் போனஸ் 50 சதவீதம். பாலிசிதாரர் இறந்து வாகனம் அவருடைய மகனான என் பொறுப்புக்கு வந்திருப்பதால், அந்த போனஸையும் எனக்குத் தொடருமாறு கேட்டுக்கொள்கிறேன். நடப்புக் காலத்தில் இந்தப் பாலிசியில் கிளெய்ம் எதுவும் இல்லை.
>
> பதிவுச் சான்றை என் பெயருக்கு மாற்ற நடவடிக்கை எடுத்து வருகிறேன். வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்த ரசீதை இணைத்துள்ளேன். வாரிசுச் சான்றிதழும் மாற்றிய பதிவுச் சான்றும் கிடைத்தவுடன் சமர்ப்பிப்பேன்.
>
> என்னிடம் செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் உள்ளது. புதிய ப்ரபோசல் ஃபார்மும் வேறு ஆவணங்களும் தேவையென்றால் எழுத்து மூலம் தெரிவிக்கவும்.
>
> இணைப்பு: 1. இறப்புச் சான்றிதழ் நகல். 2. பாலிசி. 3. பதிவுச் சான்று நகல். 4. வாரிசுச் சான்றிதழ் விண்ணப்ப ரசீது. 5. மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லாக் கடிதம். 6. பெயர் குறித்த பிரமாணப் பத்திரம். 7. என் ஓட்டுநர் உரிமம், ஆதார், பான் நகல்கள்.
>
> இப்படிக்கு,
> (கையெழுத்து, பெயர்)

சில வரிகள் ஏன் இருக்கின்றன என்று சொல்ல வேண்டும். நோ கிளெய்ம் போனஸ் என்பது கிளெய்ம் வாங்காத வருடங்களுக்காக சொந்தச் சேத பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி. "பொறுப்பிலும் பயன்பாட்டிலும்" என்பது அலங்காரம் இல்லை. நிபந்தனை உரிமை கொடுப்பதே வண்டியைப் பொறுப்பில் வைத்துப் பயன்படுத்தும் வாரிசுக்குத்தான். "சொந்தச் சேதப் பகுதியும் சேர்த்து" என்பதையும் விடாதீர்கள். குறிப்பாகக் கேட்டால்தான் அது மாறும். எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் ஆர்.சி.யைப் பார்த்து எழுதி, பாலிசியோடு ஒப்பிடுங்கள். பாலிசியில் ஓர் எழுத்து தப்பாக இருந்தால், கடிதத்தில் ஒரு வரி சேர்த்து அதையும் திருத்தச் சொல்லலாம்.

"கிளெய்ம் எதுவும் இல்லை" என்று எழுதுவதற்கு முன் அது உண்மைதானா என்று ஏஜென்ட்டிடம் கேளுங்கள். அப்பா போன வருடம் பம்பருக்குப் பணம் வாங்கியது நமக்குத் தெரியாமல் இருக்கலாம். தப்பாக எழுதிய வரி பின்னால் பெரிய கிளெய்மையே கெடுத்துவிடும்.

உடல்நிலை, ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் கடிதத்தில் வேண்டாம். மனசு எழுதச் சொல்லும், தெரியும். ஆனால் படிக்கிறவர் தேடுவது நாலு எண்களையும் ஒரு தேதியையும்தான். அவை ஒரே பக்கத்தில் இருந்தால் ஃபைல் நகரும்.

ஒரே ஒரு சூழ்நிலையில் கடிதம் மாறும். அந்த வண்டி விபத்திலேயே அப்பா இறந்திருந்தால், உரிமையாளர்-ஓட்டுநருக்கான தனிநபர் விபத்துக் காப்பு 15 லட்சம் ரூபாய் பாலிசியில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கிளெய்மைத் தனிக் கடிதமாக உடனே கொடுங்கள். பெயர் மாற்றத்தோடு கலக்காதீர்கள். பாலிசியில் நாமினி என்று எழுதியிருப்பது அந்தப் பணத்துக்காகத்தான். நாமினியாக உங்கள் பெயர் இருப்பதால் வண்டியோ பாலிசியோ உங்களுடையது ஆகிவிடாது.

## 5. கொடுத்ததற்குச் சாட்சி வைத்துக்கொள்ளுங்கள்

நேரில் போனால் இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் சீல், தேதி, கையெழுத்து வாங்குங்கள். அப்பாவின் ஏஜென்ட் "கொடுத்துட்டுப் போங்க சார், நான் பார்த்துக்கிறேன்" என்பார். நல்ல மனசோடுதான் சொல்வார். ஆனால் ஏஜென்ட் பையில் இருக்கும் கடிதம் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்த கடிதம் ஆகாது.

கிளை பக்கத்தில் இல்லையென்றால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வையுங்கள். அதே நாளில் பாலிசியில் இருக்கும் மின்னஞ்சல் முகவரிக்கு ஸ்கேன் பிரதியையும் அனுப்புங்கள். கால் சென்டரில் பேசினால் கோரிக்கை எண்ணைக் கேட்டுக் கடிதப் பிரதியின் மூலையில் எழுதிக்கொள்ளுங்கள். போனில் சொன்னது மட்டும் விண்ணப்பமாகாது.

அசல் பாலிசி கேட்டால் கொடுக்கலாம், முன்னும் பின்னும் ஸ்கேன் எடுத்த பிறகு. மின்னஞ்சலில் வந்த பாலிசியாக இருந்தால் அதை அச்செடுத்து வைத்தால் போதும். பழைய காகிதம் தொலைந்திருந்தால், தொலைந்தது என்று ஓர் உறுதிமொழி எழுதிக் கொடுங்கள்.

## 6. இடையில் ஆர்.டி.ஓ. வேலை

30 நாளுக்குள் தகவல் கொடுத்தாகிவிட்டது என்றால், அடுத்தது பெயர் மாற்ற விண்ணப்பமான படிவம் 31. `parivahan.gov.in` தளத்தில் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, காகிதங்களோடு போக வேண்டும். இறப்புச் சான்றிதழ், ஆர்.சி., நடப்பில் உள்ள இன்சூரன்ஸ் மூன்றும் கட்டாயம். இன்சூரன்ஸ் அப்பா பெயரில் இருந்தாலும் காப்புக் காலம் முடியாமல் இருக்க வேண்டும். பாலிசி முடிந்துபோனால் இந்த வேலையும் சேர்ந்து நின்றுவிடும்.

படிவம் 29, 30 போடச் சொல்லும் புரோக்கர்களிடம் கவனமாக இருங்கள். அவை விற்பனைக்கானவை. அப்பா கையெழுத்தைப் பழைய தேதியில் போட்டு "விற்றதாகக் காட்டிவிடலாம், சீக்கிரம் முடியும்" என்பார்கள். அது போலி ஆவணம். அதோடு, விற்பனை என்று காட்டிய நொடியில் அப்பாவின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது.

ஆர்.டி.ஓ. கொடுக்கும் விண்ணப்ப ஒப்புகையின் நகலை, முதல் கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டுக் கம்பெனிக்கு அனுப்புங்கள்.

## 7. பத்தாவது வாரத்தில் ஒரு நிறுத்தம்

விண்ணப்பம் போட்டாகிவிட்டது, மூன்று மாதம் தாண்டினாலும் காப்பு தானாக நீளும் என்று நினைக்க வேண்டாம். பாலிசி மூன்று மாதம்தான் செல்லும் என்று நிபந்தனை சொல்கிறது. அதனால் பத்தாவது வாரத்தில், நம் கணக்கில் ஏப்ரல் 21 வாக்கில், ஆர்.சி. இன்னும் வரவில்லை என்றால் கிளைக்கு இன்னொரு சிறு கடிதம் எழுதுங்கள். "ஆர்.டி.ஓ. ஒப்புகையையும் வாரிசுச் சான்றிதழையும் ஆதாரமாகக் கொண்டு மே 10-க்கு முன் என் பெயருக்கு மாற்றித் தரவும். இயலாது என்றால் என் பெயரில் புதுப் பாலிசி தரவும். எது என்று எழுத்தில் பதில் தரவும்." இந்த மூன்று வாக்கியம் போதும்.

வாரிசுச் சான்றிதழை வைத்தே சில கிளைகள் மாற்றிக் கொடுக்கின்றன, சில கிளைகள் புது ஆர்.சி. இல்லாமல் நகர மாட்டேன் என்கின்றன. எழுத்தில் பதில் கேட்கும்போது கோப்பு மேலாளர் மேஜைக்குப் போகும். பதில் வராமல் மே 10 தாண்டிவிட்டால், மாற்றம் கைக்கு வரும் வரை வண்டியை ஷெட்டில் நிறுத்திவிடுவதே என் யோசனை. ஒரு பேருந்துச் செலவு, நொறுங்கிய காரின் செலவைவிடக் குறைவு.

இந்த இடைவெளியில் பாலிசி முடிகிற தேதி வந்தால் ஆன்லைனில் அப்பா பெயரிலேயே புதுப்பித்துவிடாதீர்கள். செயலி பணத்தை வாங்கிக்கொள்ளும், பாலிசியும் வரும். ஆனால் இறந்தவர் பெயரில் ஒப்பந்தம் போட முடியாது, கிளெய்ம் வரும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள். கிளைக்குப் போய், நிலைமையைச் சொல்லி, வாரிசு பெயரில் புதுப் பாலிசி கேளுங்கள்.

## 8. இரண்டாவது கடிதம்: ஆர்.சி. வந்த பிறகு

இது அரைப் பக்கம்தான். பொருள் வரியில் பழைய கடிதத்தின் தேதியையும் கோரிக்கை எண்ணையும் போடுங்கள். "பிப்ரவரி 26 தேதியிட்ட என் விண்ணப்பத்தின் தொடர்ச்சியாக, என் பெயருக்கு மாற்றப்பட்ட பதிவுச் சான்றையும் வாரிசுச் சான்றிதழையும் இணைத்துள்ளேன். பாலிசியை மாற்றி எண்டார்ஸ்மென்ட் வழங்கவும்" என்று எழுதுங்கள். எண்டார்ஸ்மென்ட் என்பது பாலிசியில் செய்த மாற்றத்தைக் காட்டிக் கம்பெனி தரும் தாள். முதல் தேதியைச் சொல்லாமல் புதிதாகக் கேட்பதுபோல எழுதினால், கெடு தாண்டிய விண்ணப்பம் என்று எடுத்துக்கொள்ள வழி கொடுக்கிறோம்.

கூடவே ப்ரபோசல் ஃபார்மை உங்கள் பெயரில் நிரப்பிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். சான்றிதழ் மாற்றக் கட்டணம் கேட்பார்கள், அது சிறு தொகைதான். ரசீது வாங்குங்கள்.

தனிநபர் விபத்துக் காப்பை இந்த நேரத்தில் பலர் மறந்துவிடுகிறார்கள். அப்பா பெயரில் இருந்த 15 லட்சக் காப்பு, உரிமையாளரே ஓட்டுநராக இருந்தவருக்கானது. இனி உரிமையாளர் நீங்கள். உங்கள் பெயரில் அந்தக் காப்பைக் கேட்டு, உங்கள் நாமினியின் பெயரையும் கொடுங்கள். அம்மாவையோ மனைவியையோ எழுதாமல் காலியாக விட்டால், அப்பாவின் பழைய நாமினியான உங்கள் பெயரே உங்களுக்கு நாமினியாக அச்சாகி வரும். ஒருவருக்கு அப்படி வந்ததை நானே பார்த்தேன்.

## 9. நோ கிளெய்ம் போனஸை விட்டுக்கொடுக்காதீர்கள்

கவுன்டரில் அதிகம் தகராறு வருவது இதில்தான். போனஸ் ஆளுக்கு உரியது, வண்டிக்கு உரியதல்ல. ஆகவே வண்டியை விற்றால் வாங்கியவருக்கு அது போகாது, வித்தியாசத் தொகையைக் கட்டச் சொல்வார்கள். தினமும் விற்பனை மாற்றங்களையே பார்க்கும் ஊழியர், பழக்கத்தில் உங்களிடமும் அதையே கேட்பார்.

மோட்டார் பாலிசிகளுக்கான விதித் தொகுப்பான இந்திய மோட்டார் டாரிஃபின் பொது விதி 27-இல் இதற்கு விலக்கு எழுதப்பட்டிருக்கிறது. தனிநபரான பாலிசிதாரர் இறந்து, வண்டியின் பொறுப்பும் பயன்பாடும் கணவன் அல்லது மனைவிக்கோ, பிள்ளைகளுக்கோ, பெற்றோருக்கோ போனால், அவருடைய போனஸும் அவர்களுக்குப் போகும். தம்பிக்கோ மருமகனுக்கோ போனால் இந்த விலக்கு இல்லை. வீட்டில் யார் பெயருக்கு மாற்றுவது என்று பேசும்போது இதையும் நினைவில் வையுங்கள்.

எவ்வளவு பணம் என்று பார்ப்போம். போனஸ் கழிப்பதற்கு முன் சொந்தச் சேத பிரீமியம் 7,200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 50 சதவீதம் கழிந்து அப்பா கட்டியது 3,600. ஏப்ரல் 15 அன்று மாற்றினால் பாலிசியில் 74 நாள் மீதி இருக்கும். அந்த நாட்களுக்கு வித்தியாசம் கேட்டால் சுமார் 730 ரூபாய் வரும். இதைக் கட்டிவிட்டுப் போய்விடலாம் என்று தோன்றும். கட்டினால் உங்கள் போனஸ் பூஜ்யம் என்று பதிவாகிவிடும். அடுத்த வருடம் முழு 7,200. மறுபடி 20, 25, 35, 45, 50 என்று ஐந்து கிளெய்ம் இல்லாத வருடம் ஏற வேண்டும். ஆகவே பணம் கட்டுவதற்கு முன், எந்த விதியின் கீழ் கேட்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

## 10. எண்டார்ஸ்மென்ட் வந்ததும் சரிபார்க்க வேண்டியவை

கையில் வாங்கியதும் பெயர் புது ஆர்.சி.யில் உள்ளபடியே இருக்கிறதா என்று பாருங்கள், இனிஷியல் எந்தப் பக்கம் என்பது வரை. அடுத்து அது அமலுக்கு வரும் தேதி. அதற்கும் இறந்த தேதிக்கும் இடையே காப்பு இல்லாத நாட்கள் என்று எங்காவது போட்டிருந்தால் உடனே கேளுங்கள். போனஸ் சதவீதம், நாமினி, எஞ்சின் எண், பாங்க் பெயர் நீங்கியதா என்பதையும் பாருங்கள். தவறு இருந்தால் அன்றைக்கே திருத்தக் கடிதம் கொடுங்கள். விபத்துக்குப் பிறகு வரும் திருத்தத்தை யாரும் ஏற்க மாட்டார்கள்.

கிளை பதிலே தராவிட்டால், சீல் வாங்கிய முதல் கடிதத்தின் பிரதியோடு கம்பெனியின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். அங்கும் நகராவிட்டால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளத்தில் புகார் பதியலாம். அதற்கு மேல் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மன் இருக்கிறார், தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னையில். கம்பெனிக்கு எழுதி ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை என்றால் அவரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. அங்கே முதலில் கேட்பதும் அந்த சீல் வைத்த பிரதியைத்தான்.